நடப்பு விகிதம் ஏறியது, கையிருப்பு ஏன் கரைந்தது?

விகிதப் பகுப்பாய்வு வினாவில் சூத்திரத்தைச் சரியாக எழுதி, விடையையும் சரியாகக் கண்டுபிடித்த பிறகு, ‘கருத்துரைக்க’ என்ற கடைசிச் சொல்லில் பல மாணவர்களின் பேனா நின்றுவிடுகிறது. ‘நடப்பு விகிதம் 1.50இலிருந்து 1.67 ஆக உயர்ந்துள்ளது; எனவே நிறுவனத்தின் நிலை மேம்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத வரி. ஆனால் அதே நிறுவனத்தில் அதே ஆண்டு சம்பளம் போடப் பணம் தேடி அலைந்துகொண்டிருக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியலோ, பி.காம்., எம்.பி.ஏ. பாடமோ, எதுவானாலும் விகிதங்களை நான்கு குடும்பங்களாகத்தான் படிக்கிறோம்: நீர்மைத்தன்மை, சுழற்சி, நீண்டகாலக் கடன் தீர்க்கும் திறன், லாபத்தன்மை. இங்கே அந்த நான்கையும் ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அப்போதுதான் ஒரு விகிதம் மறைப்பதை இன்னொன்று எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பது தெரியும்.

கணக்கு

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாமே போட்டவை. விற்பனை முழுவதும் கடனுக்கு. தொகைகள் லட்சம் ரூபாயில்.

| விவரம் | முதல் ஆண்டு | இரண்டாம் ஆண்டு |
|---|---|---|
| விற்பனை | 1,000 | 1,100 |
| விற்ற சரக்கின் அடக்கவிலை | 750 | 847 |
| மொத்த லாபம் | 250 | 253 |
| வட்டி, வரிக்கு முந்தைய லாபம் | 110 | 100 |
| வட்டி | 30 | 40 |
| நிகர லாபம் | 60 | 45 |
| கடன் கொள்முதல் | 500 | 575 |
| சரக்கிருப்பு | 125 | 210 |
| கடனாளிகள் (வர வேண்டியது) | 150 | 240 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 25 | 10 |
| நிலைச் சொத்துகள் | 400 | 380 |
| கடனீந்தோர் (கொடுக்க வேண்டியது) | 100 | 115 |
| வங்கி கேஷ் கிரெடிட் | 60 | 115 |
| ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணை | 40 | 45 |
| நீண்டகாலக் கடன் | 200 | 220 |
| உரிமையாளர் நிதி | 300 | 345 |

முதல் ஆண்டில் நடப்புச் சொத்துகள் 300, நடப்புப் பொறுப்புகள் 200. இரண்டாம் ஆண்டில் அவை 460, 275. மொத்தச் சொத்துகள் 700இலிருந்து 840 ஆகியுள்ளன. விற்பனை 10% கூடியிருக்கிறது. முதலாளி சொந்தச் செலவுக்கு எதுவும் எடுக்கவில்லை. லாபம் 45 லட்சமும் தொழிலிலேயே நின்றிருக்கிறது.

நீர்மைத்தன்மை: அடுத்த 12 மாதத்தைச் சமாளிக்க முடியுமா?

நடப்பு விகிதம் = நடப்புச் சொத்துகள் ÷ நடப்புப் பொறுப்புகள்
*பொருள்:* ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும், ஓராண்டுக்குள் பணமாகக்கூடியது எவ்வளவு இருக்கிறது.
*முதல் ஆண்டு 1.50; இரண்டாம் ஆண்டு 1.67.*

விரைவு விகிதம் = (நடப்புச் சொத்துகள் – சரக்கிருப்பு – முன்கூட்டிச் செலுத்திய செலவுகள்) ÷ நடப்புப் பொறுப்புகள்
*பொருள்:* சரக்கை விற்காமலேயே கடனைத் தீர்க்க முடியுமா.
*முதல் ஆண்டு 0.88, இரண்டாம் ஆண்டு 0.91.*

பாடநூல்கள் நடப்பு விகிதத்துக்கு 2:1, விரைவு விகிதத்துக்கு 1:1 என்று ஒரு பொது அளவைச் சொல்கின்றன. இந்திய வங்கி அதிகாரி மனதில் வைத்திருக்கும் எண் பெரும்பாலும் 1.33. அது 1970களில் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது. நடப்புச் சொத்துகளில் கால் பங்கையாவது தொழில் நடத்துபவர் தன் நீண்டகால நிதியிலிருந்து போட வேண்டும் என்றது அந்தக் குழு. நடப்புச் சொத்து 100 என்றால், நடப்புப் பொறுப்பு 75க்கு மேல் போகக் கூடாது. 100ஐ 75ஆல் வகுத்தால் 1.33.

அந்த அளவுகோலில் நம் நிறுவனம் இரண்டு ஆண்டிலும் தேறிவிடுகிறது. இரண்டு விகிதமும் ஏறியும் இருக்கின்றன. சரக்கை நீக்கிவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்றுதான் விரைவு விகிதத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் பணம் வசூலாகாமல் கடனாளிகளிடம் தேங்கும்போது விரைவு விகிதமும் சேர்ந்தே ஏறும். வசூலாகாத பாக்கியும் கையிலிருக்கும் ரொக்கமும் அதற்கு ஒன்றுதான்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு குணம் உண்டு. விகிதம் 1க்கு மேல் இருக்கும்போது, மேலும் கீழும் ஒரே தொகையைக் கழித்தால் விகிதம் உயரும். முதல் ஆண்டுக் கணக்கில், மார்ச் கடைசி வாரத்தில் கடனாளிகளிடம் 100 லட்சம் வசூலித்து, அதை அப்படியே கடனீந்தோருக்குக் கொடுத்திருந்தால் சொத்து 200, பொறுப்பு 100. விகிதம் 1.50இலிருந்து 2.00க்குத் தாவியிருக்கும். தொழிலில் எதுவும் மாறியிருக்காது. விகிதம் 1க்குக் கீழே இருந்தால் இதே செயல் அதை இன்னும் இறக்கும். ‘பின்வரும் நடவடிக்கை நடப்பு விகிதத்தை எப்படிப் பாதிக்கும்?’ என்று கேட்கும் தேர்வு வினாக்கள் பலவற்றுக்கு இந்த ஒரு குணம் தெரிந்தால் போதும்.

*ஒரு வரிக் கருத்து:* விகிதம் உயர்ந்தால், எந்தச் சொத்து பெருகியதால் உயர்ந்தது என்று பார். ரொக்கமா, பாக்கியா, தேங்கிய சரக்கா?

சுழற்சி: பணம் எத்தனை நாள் வெளியே நிற்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை சுழற்சி விகிதங்களில் இருக்கிறது. பாடத்தில் இவற்றை ‘மடங்கு’ என்று எழுதச் சொல்வார்கள். 365ஐ அந்த மடங்கால் வகுத்து நாட்களாக்கினால் யாருக்கும் புரியும். சூத்திரத்தில் சராசரி இருப்பைத்தான் போட வேண்டும். முதல் ஆண்டின் தொடக்க இருப்பு நம்மிடம் இல்லாததால் இங்கே ஆண்டிறுதி எண்களையே எடுத்துக்கொள்கிறோம். விடைத்தாளிலும் இப்படிச் செய்ய நேர்ந்தால் அதை ஒரு வரியில் குறிப்பிட வேண்டும்.

சரக்கிருப்பு சுழற்சி விகிதம் = விற்ற சரக்கின் அடக்கவிலை ÷ சராசரி சரக்கிருப்பு
*பொருள்:* ஆண்டுக்கு எத்தனை முறை சரக்கு விற்று மறுபடி நிரம்புகிறது.
*6.0 மடங்கு, அதாவது 61 நாள். அடுத்த ஆண்டு 4.03 மடங்கு, 90 நாள்.*

கடனாளிகள் சுழற்சி விகிதம் = கடன் விற்பனை ÷ சராசரி கடனாளிகள்
*பொருள்:* விற்ற பணம் எவ்வளவு வேகமாக வசூலாகிறது.
*6.67 மடங்கு, 55 நாள். அடுத்த ஆண்டு 4.58 மடங்கு, 80 நாள்.*

கடனீந்தோர் சுழற்சி விகிதம் = கடன் கொள்முதல் ÷ சராசரி கடனீந்தோர்
*பொருள்:* வாங்கிய பொருளுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம்.
*இரண்டு ஆண்டிலும் 5 மடங்கு, 73 நாள்.*

இந்த மூன்றையும் ஒன்றாகக் கோத்தால் ரொக்கச் சுழற்சிக் காலம் கிடைக்கும்: சரக்கு நாள் + வசூல் நாள் – கொடுக்கும் நாள். முதல் ஆண்டில் 61 + 55 – 73 = 43 நாள். இரண்டாம் ஆண்டில் 90 + 80 – 73 = 97 நாள். நூலுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து பனியனுக்குப் பணம் வந்து சேரும் நாள் வரை, முன்பு ஒன்றரை மாதத்துக்கும் குறைவாக இருந்த இடைவெளி, இப்போது மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. நூல்காரர் அதே 73 நாள்தான் பொறுக்கிறார். அந்தக் கூடுதல் 54 நாளுக்கான பணத்தை வங்கியிடம்தான் வாங்க வேண்டும். கேஷ் கிரெடிட் 60இலிருந்து 115 ஆனது அதனால்தான்.

இப்போது நடப்பு விகிதம் ஏன் ஏறியது என்பது விளங்கும். சரக்கு 85 லட்சமும் பாக்கி 90 லட்சமும் கூடின. இந்தத் தேக்கம்தான் நடப்புச் சொத்து என்ற பெயரில் தொகுதியில் ஏறி உட்கார்ந்து விகிதத்தை உயர்த்தியது. ரொக்கமோ 25இலிருந்து 10க்கு இறங்கிவிட்டது.

கடனீந்தோர் நாட்கள் நீண்டால் நல்லது என்று பாடக்குறிப்புகளில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருளோ சேவையோ தருபவர் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் சட்டப்படி எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். அந்தக் கெடு தாண்டி நிற்கும் தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் சேர்ந்துகொண்டது. நம் நிறுவனம் சாயப்பட்டறை, தையல் ஜாப் ஒர்க் போன்ற சிறு அலகுகளுக்குப் பாக்கி வைத்திருந்தால், 73 நாள் என்ற எண் வரிக் கணக்கிலும் வந்து முட்டும்.

*ஒரு வரிக் கருத்து:* சுழற்சி குறைந்தால், விற்பனை கூடியும் பணம் குறையும்.

நீண்டகாலத் திறன்: யார் பணத்தில் தொழில் ஓடுகிறது?

கடன்–உரிமையாளர் நிதி விகிதம் = கடன் ÷ உரிமையாளர் நிதி
*பொருள்:* சொந்தப் பணம் ஒரு ரூபாய்க்கு, கடன் பணம் எவ்வளவு.

பாடநூலில் இதற்குப் புற அகப் பொறுப்பு விகிதம் என்று பெயர். மேலே ‘கடன்’ என்று மட்டும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பாடநூல் முறைப்படி நீண்டகாலக் கடனை மட்டும் எடுத்தால் 200 ÷ 300 = 0.67; அடுத்த ஆண்டு 220 ÷ 345 = 0.64. கடன் சுமை குறைந்துவிட்டது என்று எழுதலாம். ஆனால் வங்கிக்கு வட்டி கட்டும் எல்லாக் கடனையும் சேர்த்தால், அதாவது நீண்டகாலக் கடன், தவணை, கேஷ் கிரெடிட் மூன்றையும் கூட்டினால், முதல் ஆண்டு 300 ÷ 300 = 1.00; இரண்டாம் ஆண்டு 380 ÷ 345 = 1.10. இப்போது கடன் சுமை கூடிவிட்டது. ஒரே கணக்கு, ஒரே பெயருள்ள விகிதம், எதிரெதிர் முடிவு. ஆகவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன், இருவரும் தொகுதியில் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

வட்டி தாங்கு விகிதம் = வட்டி, வரிக்கு முந்தைய லாபம் ÷ வட்டி
*பொருள்:* லாபம் வட்டியைப் போல எத்தனை மடங்கு.
*3.67 மடங்கிலிருந்து 2.50 மடங்கு.*

கடன் சேவை விகிதம் = (நிகர லாபம் + தேய்மானம் + வட்டி) ÷ (வட்டி + அசல் தவணை)
*பொருள்:* வட்டியோடு அசலும் கட்டத் தொழிலின் வருமானம் போதுமா.

இரண்டாம் ஆண்டில் தேய்மானம் 40, கட்டிய அசல் 40. எனவே (45 + 40 + 40) ÷ (40 + 40) = 1.56. ஒன்றுக்கு மேல் இருப்பதால் தவணை கட்டப் போதுமானது என்பது வழக்கமான கருத்துரை. ஆனால் தொகுதியில் இருப்பது லாபம். பணம் கைக்கு வந்ததா என்று இந்தச் சூத்திரம் கேட்பதில்லை. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

*ஒரு வரிக் கருத்து:* கடன் அளவைவிட, அதைத் தாங்கும் திறன் எந்தத் திசையில் போகிறது என்று பார்.

லாபத்தன்மை: எங்கே குறைந்தது?

மொத்த லாப விகிதம் = மொத்த லாபம் ÷ விற்பனை × 100
*25%இலிருந்து 23%.*

நிகர லாப விகிதம் = நிகர லாபம் ÷ விற்பனை × 100
*6%இலிருந்து 4.09%.*

பயன்படுத்திய மூலதனம் மீதான வருவாய் = வட்டி, வரிக்கு முந்தைய லாபம் ÷ (உரிமையாளர் நிதி + நீண்டகாலக் கடன்) × 100
*22%இலிருந்து 17.7%.*

உரிமையாளர் நிதி மீதான வருவாய் = நிகர லாபம் ÷ உரிமையாளர் நிதி × 100
*20%இலிருந்து 13%.*

கடைசி எண்ணின் சரிவைத் தனியே எழுதினால் காரணம் தெரியாது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் 1910களில் டொனால்ட்சன் பிரவுன் என்ற அதிகாரி, முதலீட்டு வருவாயை லாப விகிதம், சுழற்சி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பின்னால் கடன் பங்கும் அதில் சேர்ந்தது. இன்று டூபான்ட் பகுப்பாய்வு என்று படிப்பது இதைத்தான்:

உரிமையாளர் நிதி மீதான வருவாய் = (நிகர லாபம் ÷ விற்பனை) × (விற்பனை ÷ மொத்தச் சொத்து) × (மொத்தச் சொத்து ÷ உரிமையாளர் நிதி)

முதல் ஆண்டு: 6% × 1.43 × 2.33 = 20%.
இரண்டாம் ஆண்டு: 4.09% × 1.31 × 2.43 = 13%.

மூன்று உறுப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். லாப விகிதம் விழுந்தது, சொத்து சுழலும் வேகம் குறைந்தது, வெளிப் பணத்தின் பங்கு மட்டும் கூடியது. அந்தக் கூடுதல் கடன் பங்கு இல்லாமல் பழைய 2.33ஏ இருந்திருந்தால் வருவாய் 12.5%தான்.

*ஒரு வரிக் கருத்து:* மொத்த லாப விகிதம் குறைந்தால் விலையிலும் அடக்கத்திலும் தேடு. அது நிலையாக இருந்து நிகர லாப விகிதம் மட்டும் குறைந்தால் அலுவலகச் செலவிலும் வட்டியிலும் தேடு.

லாபம் 45 லட்சம், பணம் எங்கே?

நிகர லாபம் 45. தேய்மானத்துக்காகப் பணம் வெளியே போவதில்லை. அதையும் சேர்த்தால் 85. இதில் சரக்கு 85ஐ விழுங்கியது. கடனாளிகள் 90ஐப் பிடித்துக்கொண்டார்கள். கடனீந்தோர் கூடுதலாக 15 பொறுத்தார்கள். ஆக அன்றாடத் தொழிலிலிருந்து வந்த பணம் 75 லட்சம் குறை. இயந்திரத்துக்கு 20 செலவு. மொத்தக் குறை 95. கேஷ் கிரெடிட்டில் 55 கூடுதலாக எடுத்தார்கள். புதுக் கடன் 65 வாங்கிப் பழைய அசல் 40 கட்டியதில் 25 கிடைத்தது. மீதி 15ஐ ரொக்க இருப்பிலிருந்து எடுத்தார்கள்.

கடன் சேவை விகிதம் 1.56 என்று நம்பிக்கை தந்த அதே ஆண்டில், தவணை கட்டியது புதுக் கடனில்தான். அதோடு, அந்தப் புதுக் கடனின் பெரும்பகுதி நீண்டகாலக் கடனாக வந்ததால் அது நடப்புப் பொறுப்பில் சேரவில்லை. நடப்பு விகிதம் அழகாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணம்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, கணக்கறிக்கை வெளியிடும் நிறுவனங்கள் 11 விகிதங்களைக் குறிப்பில் காட்ட வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25%க்கு மேல் மாறியதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். நம் நிறுவனத்தின் நடப்பு விகித மாற்றம் 11%தான், விளக்கம் தேவைப்படாது. சரக்கிருப்பு சுழற்சி 33% விழுந்திருக்கிறது, கடனாளிகள் சுழற்சி 31%, நிகர லாப விகிதம் 32%. இவை மூன்றுக்கும் விளக்கம் எழுதியாக வேண்டும். ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் அந்த விளக்கப் பத்தியை முதலில் படிப்பது நல்ல பழக்கம்.

ஆனால் விகிதத்துக்குள் போகும் எண்ணே பொய்யானால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு காலாண்டில் 24% என்று காட்டிய இயக்க லாப விகிதம் உண்மையில் 3%தான் என்றும் அதில் இருந்தது. அங்கே ரொக்கமே கற்பனை என்பதால், ரொக்கத்தை வைத்துப் போட்ட விகிதங்கள் எல்லாம் சிறப்பாகவே தெரிந்திருக்கும்.

முழு மதிப்பெண் பெறும் கருத்துரை

நம் கணக்குக்கு ‘கருத்துரைக்க’ என்று கேட்டால் விடை இப்படி அமையலாம்:

‘நடப்பு விகிதம் 1.50இலிருந்து 1.67 ஆகவும், விரைவு விகிதம் 0.88இலிருந்து 0.91 ஆகவும் உயர்ந்துள்ளன. ஆனால் இந்த உயர்வு சரக்கும் கடனாளிகளும் பெருகியதால் வந்தது. ரொக்கம் 25 லட்சத்திலிருந்து 10 லட்சமாகக் குறைந்துள்ளது. ரொக்கச் சுழற்சிக் காலம் 43 நாளிலிருந்து 97 நாளாக நீண்டதால், வங்கிக் கடன் கூடி, வட்டி தாங்கும் திறன் 3.67இலிருந்து 2.50 மடங்காகச் சரிந்துள்ளது. மொத்த லாப விகிதமும் 2 புள்ளி குறைந்திருப்பதால், விலையைக் குறைத்தும் கடன் தவணையை நீட்டியும் விற்பனை கூட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு. கடனாளிகளின் வயதுப் பட்டியலையும் 90 நாளுக்கு மேற்பட்ட சரக்கின் விவரத்தையும் பார்த்த பிறகே கூடுதல் கடன் பற்றி முடிவு செய்ய வேண்டும்.’

இந்த விடையில் புதிய சூத்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு விகிதத்துக்கும் அடுத்து ‘எதனால்?’ என்று ஒரு முறை கேட்டு, அதற்கான பதிலை அடுத்த குடும்பத்து விகிதத்திலிருந்து எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.